அம்மா அப்பாவின் சுகர், பிரஷர் மாத்திரைச் செலவு: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து கூடவே வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் மாதாமாதம் கேட்கும் சந்தேகங்களை, கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறேன். மருந்தை மாற்றுவதும் அளவைக் கூட்டிக் குறைப்பதும் மருத்துவரின் வேலை. செலவை எப்படிக் கணக்குப் போடுவது, அதனால் உடம்புக்குக் கெடுதல் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் இங்கே இருக்கிறது.

மாசம் மெடிக்கல் பில் மூவாயிரத்தைத் தாண்டுது. எங்கிருந்து குறைக்க ஆரம்பிக்கிறது?

முதலில் ஒரு தாள் எடுத்து, அம்மா சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு வரி எழுதுங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் மேலோ கீழோ சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர்: மெட்ஃபார்மின், டெல்மிசார்டான், அம்லோடிபின் என்று. அந்தச் சின்ன எழுத்தையும் மில்லிகிராம் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில், ஒரு மாத்திரை என்ன விலை, ஒரு நாளைக்கு எத்தனை.

அட்டை விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு கம்பெனி அட்டையில் 10 மாத்திரை இருக்கும், இன்னொன்றில் 14, 15, 20, சிலவற்றில் 30 கூட. 95 ரூபாய் அட்டை 130 ரூபாய் அட்டையைவிட மலிவு போலத் தெரியும். முதல் அட்டையில் 10, இரண்டாவதில் 15 இருந்தால் 130 ரூபாய் அட்டைதான் மலிவு. ஒரு மாத்திரை விலையைத் தினசரி எண்ணிக்கையால் பெருக்கி, அதை 30 ஆல் பெருக்குங்கள். அப்படி வரும் தொகைகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினாலே எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுங்களேன், அப்பதான் புரியும்.

சரி. கே.ஆர்.புரத்தில் மகன் வீட்டில் இருக்கும் 68 வயது அம்மா என்று வைத்துக்கொள்வோம். விலைகள் எல்லாம் கணக்குப் புரிவதற்காக நான் வைத்த முழு எண்கள். உங்கள் பில்லில் இருப்பதை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த சுகர் மாத்திரை காலை, இரவு இரண்டு வேளை. ஒன்று 8 ரூபாய், மாதம் 60 மாத்திரை, 480 ரூபாய். சுகருக்கே இன்னொரு மாத்திரை, எம்பாக்ளிஃப்ளோசின் 10, தினம் ஒன்று, முதலில் கண்டுபிடித்த கம்பெனியின் பிராண்டு, 55 ரூபாய் வீதம் 1,650. டெல்மிசார்டான் 40, அம்லோடிபின் 5 சேர்ந்த பிரஷர் மாத்திரை 13 ரூபாய் வீதம் 390. கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் 10, 6 ரூபாய் வீதம் 180. ‘நரம்புக்கு’ என்று எப்போதோ எழுதிக் கொடுத்த விட்டமின் கேப்ஸ்யூல் 18 ரூபாய் வீதம் 540. சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் மாதம் 12, தலா 20 ரூபாய் என்றால் 240. மொத்தம் 3,480 ரூபாய்.

இப்போது பெரியதிலிருந்து வாருங்கள். மருத்துவர் ஒப்புக்கொண்டு எம்பாக்ளிஃப்ளோசினை 12 ரூபாய் இந்தியப் பிராண்டுக்கு மாற்றினால் 1,650 என்பது 360 ஆகிறது. விட்டமின் கேப்ஸ்யூல் இன்னும் தேவையா என்று கேட்டதில், அவர் இரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துவிட்டு 2 ரூபாய் பி12 மாத்திரை போதும் என்றார். 540 என்பது 60. இந்த இரண்டு மாற்றத்திலேயே பில் 1,710 ரூபாய்க்கு வந்துவிட்டது. மிச்சம் இருக்கும் மூன்று மாத்திரைகளையும் மிக மலிவான ஜெனரிக்குக்கு மாற்றினால் இன்னும் ஒரு 780 ரூபாய் குறையலாம். அந்தக் குடும்பம் பிரஷர், கொழுப்பு மாத்திரைகளை மட்டும் மாற்றி 450 ரூபாய் குறைத்தது. சுகர் மாத்திரையைத் தொடவில்லை, சுகர் நன்றாக நிற்கிறது, அம்மாவுக்கு அந்த அட்டை கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் தெரியும் என்பதால். மாதம் 1,260. எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது. கடைசி 330 ரூபாய்க்காக, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கலைக்க வேண்டியதில்லை.

ஜெனரிக்னா மட்டமான மருந்தாச்சே? அப்பா நம்பவே மாட்டேங்கிறார்.

அப்பா இப்போது சாப்பிடும் பிராண்டும் பெரும்பாலும் ஜெனரிக்தான். காப்புரிமை முடிந்த மருந்தை எந்தக் கம்பெனியும் செய்யலாம். நம் நாட்டில் அதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்து விற்கிறார்கள். மெட்ஃபார்மினைக் கண்டுபிடித்த கம்பெனியின் மாத்திரையை இங்கே யாரும் தேடிப்போய் வாங்குவதில்லை. ஆக, அப்பா தேர்ந்தெடுப்பது பெயர் வைத்த ஜெனரிக்கா, பெயர் வைக்காத ஜெனரிக்கா என்பதைத்தான்.

தரத்தைப் பற்றிய கவலை நியாயமானது, அதை நான் தள்ளிவிட மாட்டேன். எளிதில் கரையாத மருந்துகளுக்கு, ஏற்கெனவே இருக்கும் மருந்தின் அளவுக்கே இரத்தத்தில் சேர்கிறது என்று சோதித்துக் காட்டினால்தான் தயாரிப்பு உரிமம் என்ற விதி 2017 ஏப்ரலில்தான் வந்தது. டெல்மிசார்டானும் கிளிமெபிரைடும் அந்த வகை. அதற்கு முன் உரிமம் வாங்கிய தயாரிப்புகளும் சந்தையில் இருக்கின்றன. மத்திய அரசுத் திட்டமான ஜன் ஔஷதி கடைகளின் மருந்துகளைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனத்தின் தயாரிப்பு நெறிகளுக்கான சான்று பெற்ற தொழிற்சாலைகளில் வாங்கி, ஒவ்வொரு தொகுதியையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்துத்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தரத்தில் தவறிய மருந்துகளின் பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகிறது. அதில் பெயர் தெரியாத கம்பெனிகளும் வரும், பெரிய பிராண்டுகளும் வரும். பட்டியலில் பேட்ச் நம்பர் எனப்படும் தொகுதி எண் இருக்கும். அட்டையில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பார்க்கலாம். அதனால் அட்டையை வெட்டி வாங்கினால் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஜன் ஔஷதி கடை பெங்களூர்ல எங்க இருக்கு? எல்லா மாத்திரையும் அங்க கிடைக்குமா?

நகரம் முழுக்க இருக்கின்றன. Janaushadhi Sugam என்ற செயலியில் பக்கத்துக் கடையைத் தேடலாம், மருந்தின் பெயரைப் போட்டால் விலையும் வரும். அங்கே கம்பெனிப் பெயரைச் சொன்னால் வேலைக்கு ஆகாது. முதல் பதிலில் எழுதச் சொன்ன தாளைக் கொண்டுபோங்கள். பழைய சுகர், பிரஷர், கொழுப்பு மாத்திரைகள் எல்லாம் அங்கே உண்டு; விலை பிராண்டைவிட 50 முதல் 80 சதவீதம் குறைவு என்று அரசு சொல்கிறது. பழைய மாத்திரைகளில் நான் பார்ப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

அங்கே இருக்கும் ஒரே தொல்லை சரக்கு. இந்த மாதம் இருப்பது அடுத்த மாதம் இருக்காது. கையில் 10 நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். கிடைக்காவிட்டால் எந்தப் பிராண்டை வாங்குவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு அதே தாளில் குறித்து வையுங்கள். ‘ஜன் ஔஷதில இல்ல, அதான் நாலு நாளா பிரஷர் மாத்திரை போடல’ என்று வருபவர்களைப் பார்க்கும்போது மனசு பதைக்கிறது. மலிவு மருந்தால் வருகிற பெரிய ஆபத்து இந்த இடைவெளிதான்.

எங்க தெரு மெடிக்கல்லயே ‘ஜெனரிக் தர்றேன், 20 சதவீதம் தள்ளுபடி’னு சொல்றாங்க. வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் தள்ளுபடிச் சதவீதத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சில கம்பெனிகள் ஒரே மருந்தை இரண்டு பெயரில் போடுகின்றன. ஒன்றைப் பிரதிநிதிகள் மருத்துவர்களிடம் கொண்டுபோய் எழுத வைக்கிறார்கள். மற்றொன்று நேராகக் கடைக்கு வருகிறது. அந்த இரண்டாவதைக் கடைக்காரர் மிகக் குறைந்த விலைக்கு வாங்குகிறார், ஆனால் அட்டையில் அச்சிட்ட விலை பிராண்டுக்குச் சமமாகவே இருக்கும். அச்சிட்ட விலை 100, கடைக்காரருக்கு அடக்கம் 20 என்றால், உங்களுக்குக் கிடைக்கும் 20 சதவீதம் அவருக்குப் பெரிய விஷயமே இல்லை.

கேட்க வேண்டியது ஒன்றுதான்: தள்ளுபடி போக ஒரு மாத்திரை எவ்வளவு? அதை ஜன் ஔஷதி விலையோடும் நீங்கள் இப்போது வாங்கும் பிராண்டோடும் ஒப்பிடுங்கள். இணையத்தில் வாங்குபவர்களும் இதையே செய்யுங்கள், அனுப்பும் கட்டணத்தைச் சேர்த்து. பழைய பில்லோடு ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலையை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாக வரும்.

ஒரு சுகர் மாத்திரை 2 ரூபாய், இன்னொன்னு 50 ரூபாய். ரெண்டும் சுகருக்குத்தானே?

மருந்தின் வயது வேறு. மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, டெல்மிசார்டான், அம்லோடிபின், அடோர்வாஸ்டாடின் எல்லாம் பழைய மருந்துகள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால், தனி மாத்திரையாக விற்கும்போது இதற்குமேல் போகக்கூடாது என்று தேசிய மருந்து விலை ஆணையம் உச்ச விலையும் வைத்திருக்கிறது. அந்த உச்ச விலையை Pharma Sahi Daam செயலியில் பார்க்கலாம். புதிய மருந்துகள் காப்புரிமை இருக்கும்வரை ஒரே கம்பெனி சொல்லும் விலைதான்.

காப்புரிமை முடிந்ததும் விலை சரியும். சிடாக்ளிப்டினுக்கு 2022 ஜூலையிலும், எம்பாக்ளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சிலும் அது முடிந்தது. எம்பாக்ளிஃப்ளோசின் ஏறக்குறைய 60 ரூபாய்க்கு விற்ற மாத்திரை. காப்புரிமை போன சில நாட்களிலேயே பல இந்தியக் கம்பெனிகள் அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கொண்டுவந்தன. ஆனால் மருந்துச் சீட்டு தானாக மாறுவதில்லை. இரண்டு வருடம் முன்பு எழுதிய அதே பிராண்டு இன்றும் தொடர்கிறது, யாரும் கேட்கவில்லை என்பதால். உங்கள் தாளில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் போகும் சுகர் மாத்திரை இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைப் பற்றித்தான்.

டாக்டர் பிராண்டு பேர்தான் எழுதறார். கடைக்காரரே மாத்திக் குடுக்கக் கூடாதா?

கூடாது. சுகர், பிரஷர் மருந்துகள் ஷெட்யூல் ஹெச் என்ற பிரிவில் வருபவை; சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்க மருந்துக்கடைக்கு விதியில் இடமில்லை. நடைமுறையில் மாற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு. அப்படி மாற்றினால் எதை மாற்றினார்கள் என்பது மருத்துவருக்குத் தெரியாமல் போகிறது, அதுதான் பிறகு சிக்கலாகிறது.

மருத்துவரிடம் ‘ஜெனரிக் எழுதிக் குடுங்க’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். தாளை நீட்டி, ‘இந்த ரெண்டு மாத்திரைதான் எங்களுக்குப் பாரமா இருக்கு. இதுல எதைக் குறைந்த விலையில மாத்தலாம், எதை மாத்த வேண்டாம்?’ என்று கேளுங்கள். கணக்கோடு வருபவரிடம் பெரும்பாலான மருத்துவர்கள் நின்று பேசுகிறார்கள். ஒப்புக்கொண்டால் மருந்தின் பெயரையே சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் எந்தக் கடையிலும் தயக்கமில்லாமல் வாங்கலாம்.

மாத்திரை பேருக்குப் பின்னாடி ஹெச், ஏஎம், சிடி, எஸ்ஆர்னு போட்டிருக்கே. அது இல்லாதது மலிவா கிடைச்சா வாங்கலாமா?

வேண்டாம், அந்த எழுத்துகளில்தான் பாதி மருந்து இருக்கிறது. டெல்மிசார்டான் பிராண்டுகளில் ஹெச் என்றால் நீர் பிரியவைக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்தது, ஏஎம் என்றால் அம்லோடிபின் சேர்ந்தது, சிடி என்றால் பெரும்பாலும் குளோர்தாலிடோன். எழுத்து இல்லாததை வாங்கினால் அம்மாவுக்கு இரண்டு மருந்தில் ஒன்று நின்றுபோகும். பிரஷர் ஏறும், ‘மலிவு மருந்து வேலை செய்யல’ என்று பழி வேறு இடத்தில் விழும்.

எஸ்ஆர், ஈஆர், எக்ஸ்எல் என்றால் மருந்து மெதுவாக வெளிவரும் வகை. சாதா மெட்ஃபார்மினும் எஸ்ஆர் மெட்ஃபார்மினும் ஒன்றுக்கொன்று அப்படியே மாற்று ஆகாது. வேளையும் மாறும், வயிற்றுக் கோளாறும் சாதாவில் அதிகம் வரலாம். எஸ்ஆரைப் பொடி செய்தோ மென்றோ சாப்பிடக் கூடாது. இன்னும் ஒன்று: எஸ்-அம்லோடிபின் 2.5 என்பது சாதா அம்லோடிபின் 5க்கு இணை. எண்ணை மட்டும் பார்த்து 2.5க்கு 2.5 என்று மாற்றினால் பாதி அளவுதான் உள்ளே போகும். மெட்டோப்ரோலால் என்ற பிரஷர் மாத்திரையிலும் சக்சினேட், டார்ட்ரேட் என்று இரண்டு உண்டு. அந்தச் சொல்லையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ரெண்டு மருந்து சேர்ந்த மாத்திரைக்குப் பதிலா தனித்தனியா வாங்கினா மலிவாமே?

பல நேரம் ஆமாம். மேலே சொன்ன உச்ச விலை தனி மாத்திரைகளுக்குத்தான் பெரும்பாலும் பொருந்தும். சேர்ந்த மாத்திரைகள் பல அந்த அத்தியாவசியப் பட்டியலில் இல்லை. ஆனால் எழுபது வயதுக்காரருக்கு நாள் ஒன்றுக்கு ஐந்து மாத்திரை எட்டு ஆகிவிட்டால் ஒன்றிரண்டு விட்டுப்போகும். பக்கத்தில் எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தால் பிரிக்கலாம். பகலில் அவர் தனியாக இருப்பவர் என்றால் சேர்ந்த மாத்திரைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் இல்லை.

விட்டமின் மாத்திரைதான் பில்லுல அதிகம். நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் கட்டாயம் கேளுங்கள். மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்குப் பி12 குறைய வாய்ப்புண்டு. கால் மரத்துப்போவதும் எரிவதும் சர்க்கரையாலும் வரும், பி12 குறைவாலும் வரும். அதனால் சிலருக்கு அது நிஜமாகவே தேவை. ஆனால் பி12 தேவைப்படுபவருக்குப் பி12 போதும். பத்துச் சத்துகளையும் சேர்த்து அடைத்த 18 ரூபாய் கேப்ஸ்யூல் பெரும்பாலும் தேவைப்படாது. அவற்றில் பல உணவுச் சேர்க்கை என்ற பெயரில் வருவதால் மருந்துக்கான விலைக் கட்டுப்பாடும் இல்லை.

கேட்கும் கேள்வி இப்படி இருக்கட்டும்: ‘இது எதுக்காக ஆரம்பிச்சது, எவ்வளவு நாளைக்கு?’ என் அனுபவத்தில் மாத பில்லில் அதிகப் பணம் மிச்சமாவது இந்தக் கேள்வியால்தான்.

மூணு மாச மருந்தை ஒரேயடியா வாங்கி, வாரப் பெட்டியில பிரிச்சு வைக்கலாமா?

ஆறு மாதமாக அளவு மாறவில்லை, சுகரும் பிரஷரும் நிலையாக இருக்கின்றன என்றால் இரண்டு மாதத்துக்கு வாங்கலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும் மாதத்துக்கு முன் சேர்த்து வாங்காதீர்கள். அளவு மாறினால் அத்தனையும் வீண். காலாவதித் தேதி இருப்பை முடிக்கும் நாளைத் தாண்டி இருக்க வேண்டும்.

வாரப் பெட்டி நல்லது, டெல்மிசார்டான் மட்டும் விதிவிலக்கு. அது ஈரத்தை இழுக்கும் மருந்து, சாப்பிடும் நேரம்வரை அட்டைக்குள்ளேயே இருக்க வேண்டும். அட்டையை மாத்திரை வாரியாகக் கத்தரித்து, பிரிக்காமல் பெட்டியில் போடுங்கள். 80 மில்லிகிராம் வாங்கிப் பாதியாக உடைத்து மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே காரணம்தான்: மீதிப் பாதி வெளியே கிடக்கும், அதனால் வேண்டாம்.

ஊர்ல மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து மாத்திரை தர்றாங்க. அம்மா அதைக் கொண்டு வந்திருக்காங்க. இங்க வாங்கறதோட சேர்த்துச் சாப்பிடலாமா?

சேர்த்து என்றால் ஆபத்து, பதிலாக என்றால் மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடலாம். 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தருவதும் இதே மெட்ஃபார்மின், அம்லோடிபின் வகைகள்தான். பெயர் வேறாக இருப்பதால் இது ஊர் மாத்திரை, அது பெங்களூர் மாத்திரை என்று இரண்டையும் சாப்பிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கிளிமெபிரைடு இரட்டிப்பானால் சுகர் அபாயமாகக் கீழே இறங்கும்: வியர்வை, நடுக்கம், குழப்பம், மயக்கம். ஒரே மருந்தை இதய மருத்துவர் ஒரு பிராண்டிலும் சர்க்கரை மருத்துவர் இன்னொரு பிராண்டிலும் எழுதியிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி, சின்ன எழுத்துப் பெயரைத் தாளோடு ஒத்துப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் அன்றே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். சாதாவா எஸ்ஆரா என்பதையும் பாருங்கள். பெங்களூரிலேயே செலவைத் தாங்க முடியாதவர்களுக்கு வார்டுகளில் ‘நம்ம கிளினிக்’ இருக்கிறது. மருத்துவர் பார்ப்பதும் அடிப்படை மருந்துகளும் அங்கே இலவசம்.

இன்சுலின் பேனாவிலிருந்து பாட்டிலுக்கு மாறினா செலவு குறையுமா?

மனித இன்சுலின் பாட்டில் விலை குறைவுதான். ஆனால் இங்கே தப்பு நடந்தால் உயிருக்கே ஆபத்து. நம்மூரில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட், பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 40க்கான ஊசிக்குச் சிவப்பு மூடி, 100க்கானதுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் ‘10’ என்ற கோடுவரை எடுத்தால் உள்ளே போவது 25 யூனிட். இதனால் மாற்றத்தை மருத்துவமனையிலேயே செய்து, வீட்டில் ஊசி போடுபவர் அங்கேயே ஒருமுறை எடுத்துக் காட்டிய பிறகே வீட்டுக்கு வாருங்கள். தனியாக இருக்கும், கண் மங்கலான பெற்றோருக்குப் பேனாவையே விட்டுவிடலாம்.

மாசச் செலவுன்னா மாத்திரை மட்டும்தானா? இன்சூரன்ஸ்ல எதுவும் கிடைக்காதா?

பரிசோதனைக்கும் மருத்துவர் கட்டணத்துக்கும் தனியாக எடுத்து வையுங்கள். மேலே சொன்ன அம்மாவுக்கு வருடத்தில் மூன்று மாதச் சராசரிச் சுகர் பரிசோதனை நான்கு முறை 2,000, சிறுநீரகம், கொழுப்பு, கண் பரிசோதனைகள் 3,400, மருத்துவரைப் பார்ப்பது 4,200 என்று வைத்தால் 9,600. மாதத்துக்கு 800. மாத்திரையின் 1,260ஐச் சேர்த்து 2,060 என்பதுதான் அந்த வீட்டின் உண்மையான மாதக் கணக்கு. இதை வைக்காத வீடுகளில் பரிசோதனைதான் முதலில் தள்ளிப்போகிறது.

70 வயது நிரம்பியவர்களுக்கான ஆயுஷ்மான் பாரத் அட்டை மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். மாத மாத்திரைக்கு இல்லை. சாதாரண இன்சூரன்ஸும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் பெற்றோருக்கு 60 வயது ஆகி, எந்த மருத்துவ இன்சூரன்ஸும் இல்லையென்றால், பழைய வரிமுறையில் இருக்கும் மகனோ மகளோ அவர்களுக்குச் செய்த மருத்துவச் செலவில் வருடம் 50,000 ரூபாய்வரை வருமான வரிக் கழிவு கேட்கலாம். ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது. யுபிஐயில் கொடுத்து, பெற்றோர் பெயரில் பில் வாங்கி வையுங்கள்.

ஜெனரிக் மாத்தினப்புறம் சுகர் ஏறிடுச்சு. மருந்துதான் காரணமா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரே நேரத்தில் ஒரு மருந்தை மட்டும் மாற்றியிருக்க வேண்டும். மாற்றுவதற்கு முந்தைய வாரம் வெறும் வயிற்றுச் சுகரும், காலை மாலை பிரஷரும் எழுதி வையுங்கள். மாற்றிய பிறகு சுகர் மாத்திரை என்றால் இரண்டு வாரம், டெல்மிசார்டான் என்றால் நான்கு வாரம் பார்க்க வேண்டும். அதன் முழுப் பலன் தெரிய அவ்வளவு நாள் ஆகும். காய்ச்சலில் இருக்கும்போதோ ஊருக்குப் போய் விருந்து சாப்பிடும் மாதத்திலோ மாற்றாதீர்கள்.

ஏறியிருந்தால் நான் முதலில் பார்ப்பது எழுத்து: ஏஎம், எஸ்ஆர், மில்லிகிராம் சரியாக வந்திருக்கிறதா? அடுத்து எண்ணிக்கை. வாங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் அட்டையில் எத்தனை மிச்சம் இருக்க வேண்டுமோ அத்தனை இருக்கிறதா? நிறம் மாறியதால் ‘இது என்னுது இல்ல’ என்று அப்பா ஒதுக்கி வைத்திருப்பார். அட்டையின் பின்னால் தமிழில் ‘காலை சுகர்’, ‘இரவு பிரஷர்’ என்று மார்க்கரில் எழுதுவது இதற்குத்தான். பழைய பிராண்டின் மிச்ச அட்டைகளையும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். இரண்டும் சரியாக இருந்து, சாப்பாடும் மாறாமல், சுகர் தொடர்ந்து ஏறியே இருந்தால், குறித்து வைத்த எண்களோடும் தொகுதி எண்ணோடும் மருத்துவரிடம் போங்கள். அந்த ஒரு மருந்தை மட்டும் பழைய பிராண்டுக்கே திருப்பச் சொன்னால் திருப்பிவிடுங்கள், மற்ற மாற்றங்கள் அப்படியே இருக்கட்டும்.